‘ஐரோப்பா முழுவதற்கும்’ என்று விற்கப்படும் அடாப்டர்: சுவிட்சர்லாந்து செல்வோர் கவனத்திற்கு

சுவிட்சர்லாந்துக்கோ, அதையும் சேர்த்து ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாடுகளுக்கோ செல்லவிருப்பவர்கள், உருண்டையான முகமும் தடித்த இரண்டு பின்களும் கொண்ட ‘ஐரோப்பா அடாப்டர்’ ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் ஒரு மின்சாதனக் கடையில் அப்படிப்பட்ட அடாப்டர் ஒன்றையும், அதே பிளக் பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றையும் வாங்கினோம். முதலில் ஜூரிக், பிறகு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லித்தான் கேட்டோம். “ரெண்டுக்கும் இதுதான் சார், யூரோப் ஃபுல்லா இது ஒண்ணுதான்” என்று உறுதியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அட்டையிலும் ஐரோப்பா முழுவதற்கும் பொருந்தும் என்றே அச்சிடப்பட்டிருந்தது. அந்த இரண்டு பொருள்களும் இரண்டு வெவ்வேறு விதங்களில் எங்களை ஏமாற்றின. இரண்டாவது விதம் முதலாவதைவிட ஆபத்தானது.

என் தந்தைக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கல் இருப்பதால், இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபாப் கருவி இல்லாமல் அவரால் உறங்க முடியாது. ஜூரிக்கில் தங்கிய வீட்டின் சுவரில் இருந்த சாக்கெட், நாங்கள் எதிர்பார்த்ததைப் போல வட்டமான குழியாக இல்லை. நீண்ட அறுகோண வடிவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் இருந்தது. அதற்குள் சன்னமான மூன்று துளைகள், நடுவில் இருப்பது மட்டும் மற்ற இரண்டின் வரிசையிலிருந்து சற்று விலகி. உருண்டை முகம் கொண்ட எங்கள் அடாப்டர் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே முட்டி நின்றது. முகப்பைச் செதுக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனெனில் பின்களே துளைகளைவிடத் தடிமனானவை. தந்தை அன்றிரவு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே பொழுதைக் கழித்தார்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இரண்டு உருண்டைப் பின்கள் என்பது உண்மைதான். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரமும் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் என்று ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பின்கள் இரண்டு தடிமன்களில் வருகின்றன. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து போன்ற நாடுகளில் எர்த் இணைப்புடன் வழங்கும் எஃப் வகைப் பிளக்கின் பின் 4.8 மில்லிமீட்டர் விட்டமுடையது. சார்ஜர், டிரிம்மர் போன்ற சிறு கருவிகளில் வரும் சி வகைத் தட்டைப் பிளக்கின் பின் 4 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் ஜே வகைச் சாக்கெட்டின் துளைகள் அந்த 4 மில்லிமீட்டர் பின்னுக்கென்றே அமைந்தவை. ஆகவே சி வகைத் தட்டைப் பிளக் ஜெர்மனியிலும் நுழையும், சுவிட்சர்லாந்திலும் நுழையும். எஃப் வகை ஜெர்மனியில் மட்டுமே நுழையும். எங்களிடம் விற்கப்பட்டது எஃப் வகையின் தடித்த பின்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாடு, பொருளைத் தனியாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடாது. நம் ஊர் ஆறு ஆம்பியர் மூன்று பின் பிளக்கின் சிறிய பின்களே சுமார் 5.1 மில்லிமீட்டர் இருப்பதால், 4.8 பின்னும் நம் கண்ணுக்கு மெல்லியதாகவே தோன்றும். வெர்னியர் வைத்திருப்பவர்கள் அளந்துவிடலாம். இல்லாதவர்கள் தச்சரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ ஒரு பிளாஸ்டிக் தகட்டில் 4.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு துளை போட்டு வாங்கிக் கொண்டால் போதும்: அதற்குள் எளிதாகச் செல்லும் பின் 4 மில்லிமீட்டர், செல்லாத பின் 4.8. இன்னோர் அடையாளமும் உண்டு. முறையாகச் செய்யப்பட்ட சி வகைப் பிளக்கில் பின்னின் அடிப்பாதி பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்டு, நுனி மட்டும் உலோகமாகத் தெரியும்; இரண்டு பின்களும் நுனியை நோக்கி ஒன்றையொன்று லேசாக நெருங்கியிருக்கும். எஃப் வகையின் பின்கள் நேராகவும் முழு உலோகமாகவும் இருக்கும்.

நுழையாத பின்னை அரத்தால் ராவி மெலிதாக்கிச் செருகிவிடலாம் என்று அங்கே சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ராவிய பின் சீரான உருளையாக இராது. உள்ளிருக்கும் தொடுதகட்டை ஓரிரு இடங்களில் மட்டுமே தொடும், அந்த இடங்கள் சூடாகும்.

மறுநாள் எங்களுக்குத் தீர்வாக அமைந்தது அடாப்டரே அல்ல. சிபாப் கருவியின் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து சுவருக்குச் செல்லும் பவர் கார்டு தனியாகக் கழற்றக்கூடியது. லேப்டாப்பிலும் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டிப் பக்க முனை மூன்று இலைகளைக் கொண்ட க்ளாவர் வடிவிலோ எட்டு என்ற எண்ணின் வடிவிலோ இருக்கும், அந்த முனை உலகெங்கும் ஒன்றே. ஜூரிக்கில் ஒரு கடையில், அதே முனையும் மறுபக்கம் சுவிஸ் மூன்று பின் பிளக்கும் கொண்ட கார்டு ஒன்றை வாங்கி மாற்றினோம். பெட்டியின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்ததால் மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை; அங்கேயும் நம்மைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பயணத்திற்கு முன்பே தங்கள் கருவியின் கார்டு கழற்றக்கூடியதா என்று பார்த்துக் கொள்பவர்கள், அடாப்டர் தேடும் தொல்லையிலிருந்தே பெரும்பாலும் தப்பிவிடலாம். க்ளாவர் முனை கொண்ட கருவிகளுக்கு எர்த் இணைப்பும் அறுபடாமல் கிடைக்கும்.

அடுத்த வாரம் ஸ்டுட்கார்ட் சென்றபோது எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் சுவர்ச் சாக்கெட்டில் சிக்கலின்றி இறங்கியது. பாக்ஸில் நம் ஊர்ப் பிளக், அமெரிக்கத் தட்டைப் பின், பிரிட்டிஷ் செவ்வகப் பின் எல்லாம் நுழையும் பல்வடிவத் துளைகள் இருந்தன. அதில் லேப்டாப்பின் நம் ஊர் மூன்று பின் கார்டைச் செருகிவிட்டு, அதன் உலோக மேற்பரப்பில் மணிக்கட்டை வைத்தபோது மெல்லிய கூச்சம் போன்ற அதிர்வு தெரிந்தது. எர்த் இணைக்கப்படாத லேப்டாப்பில் இது நிகழும்: மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக மிகச் சிறு மின்னோட்டம் உடலுக்குக் கசிகிறது. அது உயிருக்கு ஆபத்தான அளவல்ல. ஆனால் எர்த் வரவில்லை என்பதற்கு அது சரியான அறிகுறி. அதே பாக்ஸில் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் செருகி, அதன் உள்வயர் உருகி உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல், தொடுபவரின் உடல் வழியாகவே போகும்.

சென்னை திரும்பியதும் பாக்ஸின் நான்கு திருகுகளையும் கழற்றிப் பார்த்தோம். மேலே ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த்துக்கான துளை இருந்தது. அடியில் அந்தத் துளைகளையெல்லாம் இணைக்கும் பித்தளைத் தகடும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தகட்டில் எந்த வயரும் பற்றவைக்கப்படவில்லை. பிளக்கிலிருந்து வந்த வயரில் பச்சை இழையே கிடையாது, இரண்டு இழைகள் மட்டுமே. ஜெர்மானிய முறையில் எர்த் என்பது பின் அல்ல. பிளக்கின் மேலும் கீழும் விளிம்பில் பதித்த இரண்டு உலோகப் பட்டைகள், சுவர்ச் சாக்கெட்டின் ஸ்பிரிங் கவ்விகளைத் தொட்டு அந்த இணைப்பைத் தருகின்றன. எங்கள் பிளக்கில் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் பள்ளங்கள் மட்டுமே இருந்தன. அடாப்டரிலும் அப்படியே. மூன்று துளை சாக்கெட்டைக் காட்டி எர்த் இருப்பதாக நம்பவைத்து, இரண்டு இழை வயரை விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என் உறுதியான குற்றச்சாட்டு. வயரில் ஒரு இழையைக் குறைத்ததால் மிச்சமான சில ரூபாய்க்காக ஒருவரின் உயிரைப் பணயம் வைப்பதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, “சுவிஸ் எங்க சார் இருக்கு? யூரோப்லதானே?” என்பதே பதிலாகக் கிடைத்தது. எர்த் இல்லாததைக் காட்டியதற்கு, “டிராவல் ஐட்டம் எல்லாம் இப்படித்தான் வரும்” என்றார்கள். பணம் திரும்பவில்லை. ரசீதும் அட்டையும் கையில் இருப்பதால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். பொருளைப் பற்றித் தவறான விவரம் கூறி விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகவே கருதுகிறது. எனவே வாங்கும்போது ரசீதில் அடாப்டர் என்று மட்டும் எழுதவிடாமல், எந்த நாட்டுக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

எர்த்தைக் கடையிலேயே சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். மின்சாதனக் கடைகளில் அது பெரும்பாலும் மேசையிலேயே கிடக்கும். அதை ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒரு முனையை அடாப்டரின் அல்லது பாக்ஸின் எர்த் துளைக்குள்ளும், மறு முனையைப் பிளக்கின் எர்த் பாகத்திலும் தொட வேண்டும். ஜெர்மனிக்கு அந்தப் பாகம் விளிம்புப் பட்டை, சுவிட்சர்லாந்துக்கு விலகி நிற்கும் நடுப் பின். ஒலித்தால் இணைப்பு இருக்கிறது. பிரான்சுக்குச் செல்பவர்கள் பிளக்கின் முகத்தில் ஒரு துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே எர்த் பின் சுவர்ச் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துளையில்லாத உருண்டை முகம் அதில் முட்டி நின்றுவிடும்.

சி வகைத் தட்டைப் பிளக் எல்லா இடத்திலும் நுழைகிறதே என்று அது பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிளக்கின் வரம்பு 2.5 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் 575 வாட். செல்பேசி சார்ஜர், கேமரா சார்ஜர், எர்த் தேவைப்படாத சிறு கருவிகள் ஆகியவற்றுக்கு அது போதும். 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை அந்தப் பிளக்கின் வழியே ஓட்டக் கூடாது. சி வகைப் பிளக்கைப் பொருத்திவிட்டு 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும் பாக்ஸ் எதையும் நான் நம்ப மாட்டேன்.

ஜூரிக்கிலிருந்து ரயிலேறி மிலான் செல்பவர்கள் பலர் இருப்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன்: இத்தாலியின் மூன்று துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை, சுவிஸ் பிளக்கின் நடுப் பின்னோ கோட்டிலிருந்து விலகியது. ஆகவே ஜூரிக்கில் நாங்கள் வாங்கியதைப் போன்ற மூன்று பின் கார்டு இத்தாலியில் நுழையாது. அங்கே எர்த் தேவைப்படும் கருவிக்கு இத்தாலியக் கார்டு ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். மெல்லிய 4 மில்லிமீட்டர் இரண்டு பின் பிளக் மட்டும் அங்கேயும் நுழையும்.