எலும்பு மெல்லும் மாட்டுக்குத் தவிடா, டிசிபியா?

கறவைப் பசு ஒன்று காய்ந்த எலும்பைக் கடைவாய்க்குத் தள்ளி, தலையைத் தூக்கி, எச்சில் வழிய வழிய மெல்லுவதைப் படுவான்கரைப் பட்டிக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். பாலோடு வெளியேறும் பொஸ்பரஸைத் தீனி ஈடுகட்டாவிட்டால், பசு தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். அப்புறம் நடை விறைக்கும், தீனி குறையும், கன்று போட்டு ஒரு வருசம் கடந்தும் வேட்கைக்கு வராது.

சினைப்படாததற்கு வேறு காரணங்களும் உண்டு. கன்று வீசியிருந்தால் முதலில் மிருக வைத்தியரிடம் சொல்லிப் புரூசெல்லா சோதனை செய்ய வேண்டும். விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தால் பசிதான் முதல் நோய்.

எல்லோரும் முதலில் கேட்பது ஊசியைத்தான். பியூட்டாபொஸ்பான் ஊசி மருந்தில் மில்லி ஒன்றுக்கு ஏறத்தாழ 17 மில்லிகிராம் பொஸ்பரஸ்தான் இருக்கிறது. 20 மில்லி போட்டாலும் அரைக் கிராம் தேறாது. பசுவின் ஒரு நாள் தேவையோ 15 கிராம் அளவு. அந்த ஊசிக்கு வேறு பயன்கள் இருக்கலாம், மாதக்கணக்கான குறையை அது நிரப்பாது. கனியுப்புக் கட்டி வாங்குகிறவர்கள் அதில் பொஸ்பரஸ் எத்தனை வீதம் என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். சில கட்டிகள் வெறும் உப்புதான்.

மிச்சம் இருப்பவை தவிடும் டிசிபி எனப்படும் டைகல்சியம் பொஸ்பேட்டும். 300 கிலோ எடையுள்ள, நாளுக்கு மூன்று நான்கு லீற்றர் கறக்கும் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு கிலோ வைக்கோலும் காய்ந்த புல்லும் தின்றால் கிடைப்பது சுமார் 6 கிராம். பற்றாக்குறை 9 கிராம். நல்ல தவிடு ஒரு கிலோ அதைத் தாராளமாகவே நிரப்பும். தவிட்டுப் பொஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட்டாகப் பிணைந்திருந்தாலும், மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதை அவிழ்த்துக் கொடுத்துவிடும். டிசிபியில் 18 வீதம் பொஸ்பரஸ் இருப்பதால் 50 கிராமே 9 கிராமைத் தரும், கல்சியமும் கூடவே வரும்.

தவிட்டில் கல்சியம் மிகக் குறைவு. தவிட்டையே நம்பித் தீனி போட்டால் நாளுக்கு 25 முதல் 30 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்க வேண்டும். ஆண் கன்றுகளுக்குத் தவிடு மிஞ்சினால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். ஊர் மில்லில் உமியோடு சேர்ந்து வரும் தவிட்டில் பாதிச் சத்துகூட இராது. கையில் அள்ளிப் பாருங்கள்: உமி குத்தும், நல்ல தவிடு பிசுபிசுக்கும். அந்த எண்ணெயால் அது சில வாரங்களில் சிக்கு வாடை எடுத்துவிடும், குவித்து வைக்கக் கூடாது.

டிசிபியைத் தனியே வைத்தால் மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். சம அளவு உப்போடு கலந்து, மழை படாத தொட்டியில் தலைக்கு 100 கிராம் கணக்கில் வைக்க வேண்டும். வாவிக்கரையில் உவர்நீர் குடிக்கும் மாட்டுக்கு உப்பில் நாட்டம் இராது. அங்கே உப்பைக் குறைத்துத் தேங்காய்ப் புண்ணாக்கைக் கலந்தால் தின்னும். மலிவு என்று எப்பாவலப் பொஸ்பேட்டையோ வேறு உரத்தையோ வைத்துவிடாதீர்கள், அவற்றிலுள்ள புளோரின் பல்லையும் எலும்பையும் அரிக்கும்.

என் தீர்ப்பு பருவத்தைப் பொறுத்தது. பெரும்போகத்தில் மாடுகள் வயலை விட்டு மேய்ச்சல் தரைக்குப் போயிருக்கும். மழைப்புல் தின்று உடல் ஏறும்போதுதான் பொஸ்பரஸ் தேவை கூடும், கொடுத்ததற்குப் பலனும் அப்போதுதான் தெரியும். நூறு மாட்டுக்கு நாளுக்கு நூறு கிலோ தவிட்டை யார் அங்கே கொண்டுபோவது? உப்பும் டிசிபியும் சேர்ந்து பத்துக் கிலோ போதும். ஆகவே அந்த நாட்களில் டிசிபி. வறட்சிக் காலத்தில் மாடு மெலிந்துகொண்டிருக்கும்போது வெறும் டிசிபி எதையும் மாற்றாது, சக்தியும் புரதமும்தான் முதலில் தேவை. வீட்டில் கட்டிக் கறக்கும் பசுவுக்கு அப்போது தவிடும் சீமைக்கிளுவைக் குழையும் கொடுங்கள்.

எலும்பு மெல்லுவது சில வாரங்களில் குறைய வேண்டும், சினைப்பட மாதங்கள் ஆகும். குறையாவிட்டால் முதலில் தொட்டியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள், பலமான மாடுகள் மற்றவற்றை அண்டவிடாமல் துரத்துவதும் உண்டு. அதுவரை மேய்ச்சல் தரையில் கிடக்கும் எலும்புகளையும் செத்த மாடுகளையும் ஆழப் புதைக்க வேண்டும். அழுகிய சடலத்து எலும்பை மென்ற மாட்டுக்கு பொட்டுலிச நஞ்சு ஏறினால் காய்ச்சல் இல்லாமலே பின்னங்கால் தளரும், நாக்கு தொங்கும், படுத்தது எழும்பாது. அந்த நிலைக்குப் போன பிறகு தவிடும் டிசிபியும் உதவாது.