ரிட்டையர் ஆகுற சாருக்கு தமிழ்ல பேச்சு, கெஸ்ட்டுக்கு நாலு வரி இங்கிலீஷ்: அதை எங்க வைக்கிறது?

பணி நிறைவு விழாவுக்கு பேச்சு எழுதுறவங்க நிறைய பேர் தமிழை நல்லாவே எழுதிடுறாங்க, மாட்டிக்கிறது அந்த இங்கிலீஷ் வரிகள்லதான். தமிழ் தெரியாத கெஸ்ட் ரெண்டு மூணு பேர் முன் வரிசையில இருப்பாங்க, அவங்களை விட்டுடவும் முடியாது, அவங்களுக்காக முழு பேச்சையும் மாத்தவும் முடியாது. அஞ்சு நிமிஷ பேச்சுனு வச்சுப்போம், நிதானமா பேசினா ஏறக்குறைய 400, 450 தமிழ் வார்த்தை வரும், அதுல இங்கிலீஷுக்கு அரை நிமிஷம் ஒதுக்கலாம். கேள்வி அந்த அரை நிமிஷம் எந்த இடத்துலங்கிறதுதான்.

முதல் வழி, ஆரம்பத்துலயே. வணக்கம் சொன்ன கையோட கெஸ்ட்டை இங்கிலீஷ்ல வரவேற்கிறது. மரியாதையா இருக்கும், பயத்துல மறந்துபோற வாய்ப்பும் கம்மி. ஆனா இன்னும் சாரைப் பத்தி எதுவுமே பேசலையே, அதனால வெறும் வரவேற்பு மட்டும்தான் சொல்ல முடியும், அதை வரவேற்புரை பேசினவர் ஏற்கனவே சொல்லி முடிச்சிருப்பார். அதுக்கப்புறம் நாலரை நிமிஷம் கெஸ்ட் சும்மா உக்காந்திருக்கணும்.

ரெண்டாவது, கடைசியில சுருக்கமா. பலபேர் இதைத்தான் செய்றாங்க, எனக்கு சுத்தமா பிடிக்காதது இதுதான். சாரைப் பார்த்து குரல் தழுதழுக்க பேசி முடிச்சு, ஹாலே அமைதியா இருக்கும்போது, பேப்பரைத் திருப்பி இங்கிலீஷ் படிக்க ஆரம்பிச்சா அந்த சூடு அப்படியே ஆறிடும். இன்னொரு ஆபத்து, நேரமாச்சுனு தொகுப்பாளர் சைகை காட்டினா முதல்ல வெட்டுப்படுறது கடைசி பகுதிதான், கெஸ்ட்டுக்கு ஒண்ணுமே கிடைக்காது.

மூணாவது, ஒவ்வொரு பத்தியும் தமிழ்ல சொல்லி உடனே இங்கிலீஷ்லயும் சொல்றது. அஞ்சு நிமிஷம் ஒம்பது நிமிஷம் ஆகும், தமிழ்ல சிரிச்ச ஜோக்கை திரும்பக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டாங்க. கூட்டத்துல பாதி பேருக்கு தமிழ் தெரியாதுன்னா மட்டும் இதை யோசிக்கலாம்.

நாலாவது வழி நடுவுல, ஆனா எங்கயோ நடுவுல இல்ல. இந்த மாதிரி பேச்சு எல்லாத்துலயும் ஒரு திருப்பம் இருக்கும் கவனிச்சிருப்பீங்க, முதல் பாதியில கூட்டத்தைப் பார்த்து "சார் இப்படி, அவர் அப்படி"னு பேசுவோம், அப்புறம் சார் பக்கம் திரும்பி "சார், நீங்க..."னு நேரா பேசுவோம். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற மூட்டுலதான் இங்கிலீஷ் உக்காரணும். யாரைப் பார்த்து பேசுறோம்ங்கிறது எப்படியும் மாறப்போற இடம், அதனால மொழி மாறினாலும் உறுத்தாது.

ஒரு கணக்கு சாருக்கு எழுதுறோம்னு வைங்க. தமிழ்ல சொல்ற சம்பவம் இது: "தப்பான கணக்குக்கு சார் பெருக்கல் குறி போட்டதே இல்ல, பக்கத்துல சிவப்பு மையில 'இன்னொரு தடவை போடு'னு எழுதுவார், என் நோட்டுல கணக்கை விட அந்த வரிதான் அதிகம்." கூட்டம் சிரிச்சு அடங்கட்டும். அப்புறம் முன் வரிசையைப் பார்த்து:

"டு அவர் கெஸ்ட்ஸ், தேங்க் யூ ஃபார் பீயிங் ஹியர். அவர் டீச்சர் நெவர் மார்க்ட் எ சம் ராங். ஹி ரோட், ட்ரை ஒன்ஸ் மோர். தட் இஸ் ஒய் வீ ஆல் லாஃப்ட் ஜஸ்ட் நவ்."

அவ்ளோதான். கெஸ்ட்டுக்கு சாரைப் பத்தி ஒரு உருப்படியான விஷயம் கிடைச்சது, கூட்டம் ஏன் சிரிச்சதுனும் புரிஞ்சது. உடனே சார் பக்கம் திரும்பி "சார், இப்போ நாங்க சொல்றோம், இன்னொரு தடவை எங்க கிளாசுக்கு வாங்க"னு போயிடலாம், கெஸ்ட்டுக்கும் முகத்தைப் பார்த்தே பாதி புரியும். ஆரம்பத்துல குறள் சொல்லியிருந்தா அதை இங்கிலீஷாக்கப் போகாதீங்க, அரை நிமிஷமும் அதுலயே போயிடும்.

இதுக்கும் ஒரு குறை உண்டு. பாதி பேச்சுல மொழி மாத்துறப்போ நாக்கு தடுமாறும், அதுக்கு அந்த நாலு வரியை தனி அட்டையில மேல இருக்குற மாதிரி தமிழ் எழுத்துலயே எழுதிக்கங்க, வரிக்கு வரி இடைவெளி விட்டு. கெஸ்ட் ஒரே ஒருத்தர், பக்கத்துல மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்குன்னா இந்த நாலு வரிகூட வேண்டாம், அவர் பேரைச் சொல்லி ஒரு நன்றி போதும். நேரம் இல்லன்னு சைகை வந்தா தமிழ் சம்பவத்துல ரெண்டாவதா ஒண்ணு வச்சிருப்பீங்க பாருங்க, அதை வெட்டுங்க.