லிக்கர்ட் பதில்களுக்கு இருபக்கப் பட்டை: நடுநிலையை எங்கே வைப்பது?

அலுவலகப் பயிற்சிகளுக்குப் பிறகு 'முழுமையாக மறுக்கிறேன்' முதல் 'முழுமையாக ஏற்கிறேன்' வரை லிக்கர்ட் அளவில் வாங்கும் கருத்துக்கணிப்பை சில வருடங்களாக இருபக்க அடுக்குப் பட்டையாகத்தான் போடுகிறேன். பூஜ்யக் கோட்டுக்கு இடப்பக்கம் மறுப்பவர்கள், வலப்பக்கம் ஏற்பவர்கள், அழுத்தமாகச் சொன்னவர்கள் இரண்டு ஓரங்களிலும். பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலாளருக்கு விளக்க வேண்டியதே இல்லை. தகராறு எல்லாம் நடுநிலைப் பதிலால்தான்.

நவோமி ராபின்ஸும் ரிச்சர்ட் ஹைபர்கரும் 2011இல் இந்தப் படத்தைப் பரிந்துரைத்தபோது நடுநிலையைப் பாதியாகப் பிளந்து கோட்டின் இருபுறமும் வைத்தார்கள், இன்றும் பல மென்பொருள்களின் இயல்பு நிலை அதுதான். பார்க்க அழகாக இருக்கும், சரி. இரண்டு கேள்விகளை எடுத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் மறுப்பு 25, நடுநிலை 40, ஏற்பு 35 சதவீதம். இரண்டாவதில் 40, 10, 50. நடுநிலையைப் பிளந்தால் முதல் பட்டை இடப்பக்கம் 25+20=45 வரையும் வலப்பக்கம் 35+20=55 வரையும் போகும். இரண்டாவது 40+5, 50+5, அதே 45, அதே 55! ஒரு கேள்வியில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வாயே திறக்கவில்லை, இன்னொன்றில் அறையே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, ஆனால் பட்டைகள் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன. நூறு சதவீதத்தையும் கோட்டின் மேல் வைத்தால், பட்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது ஏற்புக்கும் மறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை மட்டுமே காட்டும்.

அதனால் இப்போதெல்லாம் நடுநிலையை வெளியே எடுத்து, வலது ஓரத்தில் தனிச் சாம்பல் பட்டையாக வைக்கிறேன். R மொழியில் ggstats தொகுப்பு இருந்தால் முதல் பாதி வேலை ஒரே வரி:

```r
gglikert(df, exclude_fill_values = "நடுநிலை")
```

இது நடுநிலையை வரையாமல் விடும், ஆனால் சதவீதக் கணக்கில் வைத்துக்கொள்ளும். அதுதான் முக்கியம், இல்லையென்றால் 35 என்பது 58 ஆக ஊதிவிடும். சாம்பல் பட்டையைத் தனியாக வரைந்து பக்கத்தில் ஒட்ட வேண்டும், கேள்விகளின் வரிசையும் அளவுகோலும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

கையால் ggplot2இல் வரைபவர்கள் இடப்பக்க அடுக்கைக் கவனியுங்கள். அழுத்தமான மறுப்பைக் காட்டும் அடர் சிவப்பு பூஜ்யக் கோட்டை ஒட்டி நின்றால் மறுப்புகளின் வரிசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் அடர் சிவப்பும் அடர் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும், பக்கத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும், ஆகவே பூஜ்யக் கோட்டைத் தடிமனாகப் போடுவேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. கோட்டைத் தொட்டு நிற்பது மிதமான பதில்கள்தான். 'முழுமையாக ஏற்கிறேன்' துண்டு ஒவ்வொரு பட்டையிலும் வேறு இடத்தில் தொடங்குவதால் கண்ணால் ஒப்பிட முடியாது. "முழு மனதோடு ஏற்றவர்கள் எந்தக் கேள்வியில் அதிகம்?" என்று யாராவது கேட்டால் நான் இந்தப் படத்தை விட்டுவிட்டு அந்த ஒரு பதிலுக்கு மட்டும் சாதாரணப் பட்டை போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.