ஒரே கார் சீட், இரண்டு விளம்பரங்கள்

பழைய கார் சீட் ஒன்றை விற்க வேண்டும். அதே சீட்டைப் பற்றி இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதம்: “குழந்தைக்கான கார் சீட். வாங்கி மூன்று வருடம்தான். நல்ல கண்டிஷன். பெரிய விபத்து எதுவும் இல்லை. எல்லாம் துவைத்துச் சுத்தமாக இருக்கிறது.”

இரண்டாவது: “தயாரித்தது 2020 மார்ச், லேபிள்படி 2027 மார்ச் வரை. வாங்கியது 2022 ஜூன். 2023இல் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தபோது சீட் காரில் இருந்தது, குழந்தை இல்லை. கவரைத் துவைத்தோம், பெல்ட்டை ஈரத்துணியால் மட்டும் துடைத்தோம். பால் கறை தெரியும். பச்சைக்குழந்தைக்கான உள் மெத்தை இல்லை. மேனுவல் உண்டு.”

படித்ததும் மனம் முதல் விளம்பரத்துக்குத்தான் போகும். ஆனால் வாங்குகிறவருக்கு உதவுவது இரண்டாவதுதான்.

வயதை எடுத்துக்கொள்வோம். கார் சீட்டின் ஆயுளைப் பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். எந்த நாளிலிருந்து என்பதை லேபிளும் மேனுவலும் சொல்லும். மாடலைப் பொறுத்து அது ஆறிலிருந்து பத்து வருடம் வரை இருக்கும். இந்த சீட் குடோனிலும் கடையிலுமே இரண்டே கால் வருடம் கிடந்திருக்கிறது. 2025 ஜூனில் விற்கும்போது “மூன்று வருடம்” என்றால் பொய்யில்லை, ஆனால் உண்மையான வயது ஐந்தே கால் வருடம். மிச்சம் ஒன்றே முக்கால் வருடம்தான். இரண்டரை வருடத்துக்குத் தேவைப்படுகிறவர் முதல் விளம்பரத்தை நம்பி வாங்கினால் பாதி வழியில் இன்னொன்று தேட வேண்டும். தேதி சீட்டின் அடியிலோ முதுகிலோ ஒட்டிய லேபிளில் இருக்கும். லேபிள் உரிந்துபோயிருந்தால் பிளாஸ்டிக்கிலேயே பாருங்கள். பல சீட்டுகளில் கடிகாரம் போல ஒரு சின்ன வட்டம் பதிந்திருக்கும்: நடுவில் வருடம், அம்புக்குறி காட்டுவது மாதம்.

அடுத்தது விபத்து. “பெரிய விபத்து இல்லை” என்ற வரிதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. பெரிது எது, சிறிது எது என்று முடிவு செய்தது யார்? அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ இதற்கு ஐந்து நிபந்தனைகள் சொல்கிறது: இடித்த பிறகு காரை ஓட்டிக்கொண்டு போக முடிந்திருக்க வேண்டும், சீட்டுக்கு அருகிலுள்ள கதவுக்குச் சேதம் கூடாது, காரில் இருந்த யாருக்கும் காயம் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கூடாது. ஐந்தும் பொருந்தினால்தான் சின்ன விபத்து. ஒன்று தவறினாலும் அந்த சீட் வேண்டாம். அப்புறம், எவ்வளவு லேசாக இடித்திருந்தாலும் மாற்றிவிடச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அப்படி இருந்தால் மேனுவல் சொல்வதே முடிவு.

அதனால் இரண்டாவது விளம்பரமும் இங்கே முழுமையில்லை. இந்த ஐந்துக்கும் பதில் எழுதி, கவரைக் கழற்றி உள்ளே பார்த்ததையும் சேர்க்க வேண்டும். கவருக்குக் கீழே தலைப்பக்கம் தெர்மாகோல் போன்ற நுரை இருக்கும். அடியை வாங்கிக்கொள்வது அதுதான். விரல் நகத்தால் வருடினால் தட்டுப்படும் மெல்லிய விரிசலோ உடைந்த துணுக்கோ இருந்தால் சீட்டின் வேலை முடிந்தது. விரிசல் இல்லை என்பதால் மட்டும் சீட் நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது. அதனால்தான் இடித்த கதையைக் கேட்கிறோம்.

“எல்லாம் துவைத்து” என்பதில் பெல்ட்டும் சேர்த்தியா? பெரும்பாலான மேனுவல்கள் பெல்ட்டை மெஷினில் போடவும் ஊறவைக்கவும் கூடாது என்கின்றன, ஏனென்றால் நெசவு பலவீனமாகும். கறை படிந்த பெல்ட் பளிச்சென்ற பெல்ட்டைவிட மேல்.

காணாமல் போன பாகங்களில் கப் ஹோல்டர், வெயில் மறைப்பு போன்றவை பெரிய விஷயமில்லை. உள் மெத்தை அப்படியில்லை: பிறந்த குழந்தைக்கு அது இல்லாமல் சீட் சரியாகப் பொருந்தாது, பெரிய குழந்தைக்கு அது தேவையே இல்லை. யாருக்குப் பொருந்தும் என்பதை விற்பவரே எழுதிவிடலாம். மார்பு கிளிப், பக்கிள், பெல்ட் இவற்றில் ஒன்று இல்லாவிட்டால், அதே மாடலுக்கான பாகத்தைத் தயாரிப்பாளரிடம் வாங்கிப் பொருத்தாமல் விற்கக் கூடாது.

ஸ்ட்ரோலருக்கு இவ்வளவு தேவையில்லை. பெரும்பாலானவற்றில் காலாவதி தேதி அச்சிடப்படுவதில்லை. விரித்ததும் பூட்டு ‘க்ளிக்’ என்று விழுகிறதா, சரிவில் பிரேக் நிற்கிறதா, இடுப்புப் பெல்ட் பூட்டுகிறதா என்று எழுதினால் பாதிக்கு மேல் சொல்லியாகிவிடும். மாடல் நம்பர் மட்டும் இரண்டுக்குமே கட்டாயம். குறை இருப்பதால் தயாரிப்பாளர் ரீகால் செய்த, அதாவது திரும்பப் பெற்ற, மாடலா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும், அதனால் லேபிளையே போட்டோ எடுத்துப் போடுங்கள்.

தேதி முடிந்த சீட்டை இலவசமாகக்கூடக் கொடுக்க வேண்டாம். பெல்ட்டை வெட்டி, பிளாஸ்டிக்கின் மேல் மார்க்கரால் ‘பயன்படுத்தாதீர்கள்’ என்று எழுதிவிட்டுக் குப்பையில் போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்துத் துடைத்து மறுபடி காரில் மாட்டிவிடுவார்கள்.