பஞ்சம் எந்தப் பக்கத்தில்? பொருளடைவும் Ctrl+F-உம்

சென்னை மாகாண வரலாறு ஒன்று உங்களிடம் அச்சிலும் பிடிஎஃப்பிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1876–78 பஞ்சத்தைப் பற்றி அதில் உள்ள எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். Ctrl+F போதுமா, கடைசிப் பக்கங்களில் இருக்கும் பொருளடைவைப் புரட்ட வேண்டுமா?

'பஞ்சம்' என்று தேடினால் அந்த எழுத்துகள் அப்படியே வரும் இடங்கள்தான் கிடைக்கும். 'பஞ்சத்தில்', 'பஞ்சங்கள்', 'பஞ்சமும்' எல்லாம் தப்பிவிடும். சரி, 'பஞ்ச' என்று சுருக்கினால் பஞ்சாயத்து, பஞ்சாலை, பஞ்சாங்கம், பஞ்சமர் நிலம் என எல்லாம் வந்து குவியும்.

இதைப் பொறுமையாகச் சலித்துவிடலாம். உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நிவாரண வேலை செய்தவர்களுக்கு 1877இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்ததை ஒரு பத்தி சொல்கிறது. அடையாற்றிலிருந்து கூவம் வரை பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டப்பட்டதை இன்னொரு பத்தி சொல்கிறது. 'தாது வருஷத்தில்' ஊரைவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் வேறொரு அத்தியாயத்தில் வருகிறார்கள். மூன்றிலும் 'பஞ்சம்' என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். எந்தத் தேடலும் அங்கே போய் நிற்காது.

பொருளடைவு தயாரிப்பவர் பக்க எண்கள் உறுதியான கடைசி மெய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து முழுதாகப் படிக்கிறார். ஒவ்வொரு பத்தியிலும் அவர் கேட்பது, 'இது எதைப் பற்றியது, இதைத் தேடுகிறவர் எந்தச் சொல்லோடு வருவார்?' என்பதுதான். டெம்பிள் பத்தியைக் கூலியின் கீழும் பஞ்சத்தின் கீழும் பதிகிறார். 'பஞ்சத்துக்குப் பிறகு' என்று போகிற போக்கில் வரும் வரியை விட்டுவிடுகிறார். தேடலுக்கு இப்படி விடத் தெரியாது. ஒரே தலைப்பில் பக்க எண்கள் ஆறேழைத் தாண்டினால் உள்தலைப்புகளாகப் பிரிக்கிறார். முடிவில் இப்படி வரும்:

பஞ்சம் (1876–78)
  இலங்கைக்குப் பெயர்வு, 212–15
  கூலிக் குறைப்பு, 94
  நிவாரண வேலைகள், 97–99
  மேலும் பார்க்க: பக்கிங்ஹாம் கால்வாய்
தாது வருடப் பஞ்சம், பார்க்க: பஞ்சம் (1876–78)

அந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடிக்கும். நூலாசிரியர் ஒரு பெயரையும் வாசகர் இன்னொரு பெயரையும் வைத்திருந்தாலும் இருவரையும் அது ஒரே பக்கத்தில் சந்திக்க வைக்கிறது. நூலுக்குள் இல்லாத சொல்கூடப் பொருளடைவில் இருக்கலாம்.

ஆனால் நினைவில் இருக்கும் ஒரு வாக்கியத்தையோ, ஒரே ஒரு முறை வரும் ஊர்ப்பெயரையோ கண்டுபிடிக்கத் தேடல்தான் சரி; அவற்றைப் பொருளடைவு பெரும்பாலும் விட்டிருக்கும். எழுத்தளவை மாற்றினால் பக்கம் நகரும் மின்னூலில், இணைப்புகளாக மாற்றாத பொருளடைவின் எண்களும் பயன்படாது. தயாரித்தவருக்கு முக்கியமாகப் படாத பொருளும் அதில் இருக்காது. வாங்குமுன் சோதிக்க ஒரு வழி உண்டு: ஒரு தலைப்புக்கு எதிரே உள்தலைப்பே இல்லாமல் இருபது பக்க எண்கள் வரிசையாக நின்றால், அது படிக்காமல் சொல்லைத் தேடியே தொகுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.