ரிவைவா, ரிஸ்டோரா, கடையா? ரெக்கவரிக்கே வராத மேக்கை எழுப்பும் வழிகள்

கல்லிடைக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் மேக்புக் ஏரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். எம்1 சிப், 2020 மாடல். முந்தின நாள் ராத்திரி மேக்ஓஎஸ் அப்டேட் போட்டிருக்கிறார். திரை கறுத்துப்போய் அரை மணி நேரம் அசைவே இல்லை என்றதும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டார். அதற்கப்புறம் மேக் வரவே இல்லை. ஒரு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, அதன் கீழே `support.apple.com/mac/restore` என்ற முகவரி, அவ்வளவுதான்.

"தம்பி, ரெண்டு கல்யாணம் உள்ள கிடக்கு. ஒண்ணுக்கு பேக்கப் கிடையாது" என்றார்.

இந்த நிலையில் மூன்று வழி உண்டு. இன்னொரு மேக்கை வைத்து ரிவைவ் செய்யலாம், அந்த இன்னொரு மேக்கை வைத்தே ரிஸ்டோர் செய்யலாம், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். கேபிள், போர்ட், பட்டன் எல்லாம் முதல் இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசியில் திரையில் எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்பதில்தான் அண்ணாச்சியின் கல்யாணம் இருக்குமா போகுமா என்பது இருக்கிறது.

முதலில் ரெக்கவரி, அதாவது மேக் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள உள்ளே வைத்திருக்கும் சின்ன சிஸ்டம், உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் சார்ஜில் போட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி முழுதாக அணைத்துவிட்டு, மறுபடி விடாமல் அமுக்கிப் பிடித்தோம். நல்ல மேக்கில் "Loading startup options" என்று வரும். வரவில்லை. அப்புறம் பவர் பட்டனை ஒருமுறை தட்டி, உடனே இரண்டாம் முறை அமுக்கிப் பிடித்துப் பார்த்தோம். முதல் ரெக்கவரி கெட்டுப்போனால் கைகொடுக்க மேக்குக்குள் இன்னொரு ரெக்கவரி இருக்கிறது, அதை வரவழைக்கும் முறை இது. அதுவும் வரவில்லை. பழைய இன்டெல் மேக்காக இருந்தால் இணையம் வழியாக ரெக்கவரி இறக்கலாம். எம்1 போன்ற ஆப்பிள் சிலிக்கானில் அந்த வசதி இல்லை. ரெக்கவரி மேக்கின் எஸ்எஸ்டியிலேயே இருப்பதால், அங்கே மேக்கை எழுப்பும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேர் பாதியில் நின்றுபோனால் ரெக்கவரிக்குப் போகும் வழியும் அடைந்துவிடுகிறது.

ஆனால் சிப்புக்குள் யாராலும் மாற்ற முடியாத ஒரு சின்ன நிரல் இருக்கிறது, பூட் ரோம். எஸ்எஸ்டியில் என்ன கெட்டிருந்தாலும் அது கெடாது. ஃபர்ம்வேரை வெளியிலிருந்து ஏற்றுவதற்கான டிஎஃப்யூ என்ற நிலையில் அது மட்டும் விழித்துக்கொண்டு, கேபிளின் மறுமுனையில் இருக்கும் மேக் என்ன சொல்கிறது என்று காத்திருக்கும். ரிவைவும் ரிஸ்டோரும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

எதில் எது மாறுகிறது

ரிவைவ் ஃபர்ம்வேரையும் ரெக்கவரியையும் மட்டும் புதிதாக எழுதும். உங்கள் கோப்புகள், கணக்குகள், நிறுவிய மென்பொருள்கள் எதையும் தொடாது. ரிஸ்டோர் அந்த வேலையோடு எஸ்எஸ்டியையும் முழுக்க அழித்துவிட்டு மேக்ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடும்.

"அழித்தால் என்ன, அப்புறம் அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருளை வைத்து எடுத்துக்கொள்ளலாமே" என்று அண்ணாச்சி கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்து நம்பிக்கை அது. ஆப்பிள் சிலிக்கானில் எஸ்எஸ்டியில் எழுதப்படுவது எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் எழுதப்படுகிறது, நீங்கள் ஃபைல்வால்ட் என்ற குறியாக்க வசதியைப் போடாவிட்டாலும் சரி. அதைத் திறக்கும் சாவி அந்தச் சிப்போடு கட்டுண்டது. ரிஸ்டோர் அந்தச் சாவியையே அழித்துவிடும். அதற்குப் பிறகு எந்த லேபுக்குக் கொண்டுபோனாலும் ஒரு படம்கூடத் திரும்ப வராது.

ஆகையால் என் கணக்கு சுலபம். பேக்கப் இல்லாத மேக்கில் ரிவைவ் தவிர வேறு எதையும் முதலில் தொடக்கூடாது. ரிவைவ் தோற்றால் இன்னொரு முறை ரிவைவ், கேபிளை மாற்றி மூன்றாம் முறையும் ரிவைவ். பாதியில் அறுந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ரிஸ்டோர், பேக்கப் கையில் இருப்பவருக்கும் மேக்கை விற்கப் போகிறவருக்கும் உரியது. ரிஸ்டோர் செய்தால் பூட்டும் போய்விடும் என்று நினைத்து, செகண்ட்ஹேண்டில் பூட்டிய மேக்கை வாங்கி ஏமாறுகிறவர்களும் உண்டு. முந்தைய உரிமையாளர் ஃபைண்ட் மை போட்டிருந்தால், ரிஸ்டோருக்குப் பிறகும் அவருடைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மேக் கேட்கும்.

அன்றைக்கு நடந்தது

துணை மேக்காக என்னுடையதை வைத்தேன். அதில் சோனோமா 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஃபைண்டரே போதும். இன்டெல் மேக்காக இருந்தாலும் பரவாயில்லை. அதைவிடப் பழைய மேக்ஓஎஸ் என்றால் ஆப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் வேண்டும். இரண்டில் நான் ஃபைண்டரையே சொல்வேன். காரணம், ஃபைண்டரில் `Revive Mac`, `Restore Mac` என இரண்டு பட்டனும் கண்ணுக்கு நேராக இருக்கும். கான்ஃபிகரேட்டரில் ரிஸ்டோர் மெனுவில் மேலாகவே இருக்கிறது, ரிவைவுக்கு மட்டும் `Actions` மெனுவில் `Advanced` உள்ளே போய் `Revive Device` என்பதைத் தேட வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் கை முதலில் கண்ட ரிஸ்டோருக்குத்தான் போகும்.

அடுத்தது போர்ட். கெட்டுப்போன மேக்கில் டிஎஃப்யூவுக்கு என்று ஒரே ஒரு யூஎஸ்பி-சி போர்ட்தான் உண்டு. எம்1 ஏரில் இடப்பக்கம் இருக்கும் இரண்டில், திரையின் கீலுக்கு அருகில் இருப்பது அது. முன்பக்கத்து போர்ட்டில் சார்ஜரைக் குத்திக்கொள்ளலாம். எல்லா மாடலிலும் இதே இடம் என்று எண்ண வேண்டாம். எம்4 சிப் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவில் இடப்பக்க இரண்டு போர்ட்டில் கீலிலிருந்து தள்ளி இருப்பதுதான் டிஎஃப்யூ போர்ட். துணை மேக்கில் எந்த போர்ட்டும் சரி.

எங்களுக்கு முதல் ஒரு மணி நேரம் கேபிளில் போனது. அண்ணாச்சி கொண்டுவந்தது ஜங்ஷனில் வாங்கிய போன் சார்ஜர் கேபிள். சார்ஜ் ஏறியது, ஃபைண்டரில் ஒன்றும் வரவில்லை. அதில் டேட்டா போகும் கம்பியே இல்லை. தண்டர்போல்ட் 3 கேபிளும் இதற்கு ஆகாது, விலை கூட என்று அதை எடுக்கக் கூடாது. மேக்கோடு வந்த சாதாரண யூஎஸ்பி-சி சார்ஜ் கேபிள் சார்ஜும் டேட்டாவும் இரண்டும் கொண்டுபோகும். அதை மாட்டினோம்.

அப்புறம் விரல் வேலை. மேக் அணைந்திருக்க வேண்டும். இடது கண்ட்ரோல், இடது ஆப்ஷன், வலது ஷிஃப்ட் மூன்றையும் பவர் பட்டனோடு சேர்த்து அமுக்கிப் பத்து எண்ண வேண்டும். பத்தானதும் மூன்று விசையை மட்டும் விட்டுவிட்டு, பவர் பட்டனை மேலும் பத்து விநாடி வரை பிடித்திருக்க வேண்டும். ஷிஃப்ட் வலதுபக்கத்தது, இதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். இடது கையின் இரண்டு விரல் கீழ் மூலையில், வலது கையின் கட்டைவிரல் ஷிஃப்டில், ஆள்காட்டி விரல் மேல் மூலையில் டச் ஐடி மேல். நான் பிடிக்க, அண்ணாச்சி சத்தமாக எண்ணினார். முதல்முறை வட்டமும் ஆச்சரியக்குறியும் திரையில் வந்தன, அப்படி எது வந்தாலும் தவறிவிட்டது என்று அர்த்தம். இரண்டாம்முறை திரை கறுப்பாகவே இருந்தது. டிஎஃப்யூவில் திரை அப்படித்தான் இருக்கும். என் மேக்கில் துணைக்கருவியை அனுமதிக்கவா என்ற கேள்வி வந்தது, `Allow` கொடுத்ததும் ஃபைண்டரில் டிஎஃப்யூ ஜன்னல் திறந்தது.

`Revive Mac` அழுத்தியதும் டவுன்லோட் தொடங்கும். ரிவைவ் சின்ன வேலைதானே என்று நினைப்போம், ஆனால் எல்லா ஆப்பிள் சிலிக்கான் மேக்குக்கும் பொதுவான, ஐபிஎஸ்டபிள்யூ என்ற முழு சிஸ்டம் கோப்பை அது இறக்கும். ஏறக்குறைய 15 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 எம்பிபிஎஸ் ஃபைபரில் கணக்குப்படி 40 நிமிடம். கல்லிடைக்குறிச்சியில் அண்ணாச்சி போனில் தினம் 2 ஜிபி டேட்டா, அதில் ஒரு வாரம் ஆனாலும் முடியாது. அவர் வீட்டிலேயே செய்யாமல் பாளைக்கு வந்தது நல்லதாயிற்று. கோப்பு ஏற்கெனவே இறங்கி இருந்தாலும் இணையத்தை அறுக்கக் கூடாது. அந்தந்த மேக்கின் எண்ணுக்கு ஆப்பிள் சர்வர் ஒப்பமிட்டுத் தந்தால்தான் ஃபர்ம்வேர் ஏறும். துணை மேக்கில் இடமும் வேண்டும். 40 ஜிபி காலி இல்லாமல் நான் தொடங்குவதில்லை. சாயந்தரம் கரண்ட் போகும் நேரம் என்பதால் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் போட்டோம்.

டவுன்லோட் முடிந்ததும் ஏரின் திரையில் ஆப்பிள் சின்னமும் கோடும் வந்தன, நடுவில் போய் மறுபடியும் வந்தன. கேபிளைத் தொடவில்லை. முடிந்தபோது மேக் தானாக எழுந்தது, ஆனால் டெஸ்க்டாப்புக்குப் போகாமல் ரெக்கவரியில் நின்றது. அண்ணாச்சி முகம் விழுந்துவிட்டது. எனக்கு நிம்மதி. ஃபர்ம்வேர் சரியாகிவிட்டது, பாதியில் நின்ற மேக்ஓஎஸ் மட்டும்தான் பாக்கி.

இங்கேயும் ரிஸ்டோருக்கு அவசரமில்லை. ரெக்கவரியில் `Utilities` மெனுவில் `Share Disk` இருக்கிறது. கடவுச்சொல் கொடுத்து `Start Sharing` அழுத்தினால், அதே கேபிள் வழியாகத் துணை மேக்கின் ஃபைண்டரில் `Network` பகுதியில் அந்த மேக் தெரியும், `Guest` என்று உள்ளே போகலாம். சேரன்மகாதேவி கல்யாணம் என்ற ஃபோல்டர் தெரிந்ததும் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதை முதலில் நகல் எடுத்தோம். அப்புறம் ரெக்கவரியிலிருந்தே மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவினோம், அதுவும் கோப்புகளைத் தொடாது. ராத்திரி பத்து மணிக்கு அவருடைய டெஸ்க்டாப் பழையபடி வந்தது.

கடைக்கு எப்போது

சர்வீஸ் சென்டரிலும் முதலில் செய்வது இதே டிஎஃப்யூ வேலைதான். டேட்டா போனால் பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் கொடுக்கும்போதே "ரிவைவ் மட்டும் செய்யுங்கள், ரிஸ்டோருக்கு முன் என்னைக் கேளுங்கள்" என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நல்ல கேபிள், சரியான போர்ட், நாலைந்து முறை விசை பிடித்தும் டிஎஃப்யூ ஜன்னலே வராவிட்டால் மதர்போர்டிலோ போர்ட்டிலோ கோளாறு இருக்கலாம், தண்ணீர் பட்ட மேக்கில் இது சகஜம். ஜன்னல் வந்து, ரிவைவ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் சேமிப்புச் சிப்பையே சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டும் வீட்டு வேலை அல்ல. போர்டை மாற்றினால் மேக் ஓடும், ஆனால் சாவி பழைய சிப்போடு போய்விடும், படங்களும் அதோடு போகும். பேக்கப் இல்லாதவர் போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன், பழைய போர்டையே சரிசெய்யும் ஆள் யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்துவிட வேண்டும்.