முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் வராத மாதம்: ஆட்டோ டெபிட்டுடன் நான்கு வருட அனுபவம்

கிரெடிட் கார்டில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டு போஸ்ட்பெய்ட் மொபைல் பில் கட்ட ஆரம்பித்து நான்கு வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெரும்பாலான மாதங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. தவறிய சில தடவைகளில்தான் இது உள்ளே எப்படி ஓடுகிறது என்று புரிந்தது.

2021 அக்டோபர் 1-க்கு முன்பு, கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டால் கம்பெனி தானாக எடுத்துக்கொள்ளும். தானாகப் பணம் எடுக்க நாம் பதிந்து கொடுக்கும் அனுமதிதான் இ-மேண்டேட். அதற்கான ரிசர்வ் வங்கியின் விதி முழுதாக அமலுக்கு வந்த பிறகு, பதிவு செய்யும்போது ஒருமுறை ஓடிபி போட்டாக வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று கார்டு கொடுத்த வங்கி நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாமென்றால் அதிலேயே நிறுத்தவும் வழி உண்டு. ஓடிபி இல்லாமல் போகும் தொகைக்கு அப்போது 5,000 ரூபாய் உச்சவரம்பு. 2022 ஜூனில் அது 15,000 ஆனது. மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ஆக்கினார்கள்.

அந்த எஸ்எம்எஸ்ஸை நான் வெறும் தகவல் என்றே நினைத்திருந்தேன். அது அதற்கு மேல். பில் போடும் கம்பெனி, "இந்தத் தேதியில் இவ்வளவு எடுக்கப் போகிறேன்" என்று முதலில் வங்கிக்குக் கோரிக்கை அனுப்புகிறது. வங்கி அதை நம் மேண்டேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால்தான் நமக்கு எஸ்எம்எஸ் வரும். அந்தப் படி நடக்காவிட்டால் டெபிட்டும் நடக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 599 ரூபாய் பிளான், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 706.82. தொகை மாறக்கூடிய மேண்டேட் என்பதால் அதிகபட்சத் தொகை கேட்டார்கள்; 1,000 என்று போட்டேன். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. பிறகு அம்மாவுக்கு 299 ரூபாயில் கூடுதல் இணைப்பு சேர்த்தேன். பில் 1,059.64 ஆனது. வரம்பைத் தாண்டியது 59 ரூபாய் 64 காசு மட்டுமே. அந்த மாதம் எஸ்எம்எஸ் வரவில்லை, நானும் கவனிக்கவில்லை. கட்ட வேண்டிய தேதி போய், அபராதக் கட்டணத்தோடு அடுத்த பில் வந்தபோதுதான் தெரிந்தது. வங்கிச் செயலியில் பார்த்தால் மேண்டேட் `Active` என்றே இருந்தது. கார்டில் லிமிட்டும் தாராளமாக இருந்தது. கஸ்டமர் கேரில் இரண்டு பக்கமும் "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்றார்கள். மேண்டேட்டைத் திறந்து அதிகபட்சத் தொகையைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. 1,500 ஆக மாற்ற மீண்டும் ஒரு ஓடிபி, அவ்வளவுதான்.

ஆகவே எஸ்எம்எஸ் வராமலே தவறினால் முதலில் மேண்டேட்டைப் பாருங்கள்: அதிகபட்சத் தொகை, முடிவுத் தேதி, அது எந்தக் கார்டின் மேல் இருக்கிறது. கார்டு தொலைந்து புதிதாக வாங்கிய சமயம் எனக்கு இரண்டு சந்தாக்கள் இப்படித்தான் நின்றன. புது நம்பருக்குப் பழைய மேண்டேட் தானாக மாறவில்லை. அந்தத் தளங்களில் பழைய கார்டின் கடைசி நான்கு இலக்கமே தெரிந்தது. இரண்டையும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது.

எஸ்எம்எஸ் வந்தும் பணம் போகாவிட்டால் கோளாறு வேறு இடத்தில். முன்னறிவிப்பு வரும்போது யாரும் நம் பணத்தைப் பிடித்து வைப்பதில்லை. இருப்பு, கார்டு லிமிட், ஆன்லைன் பரிவர்த்தனை ஆன் செய்திருக்கிறதா என்பதெல்லாம் டெபிட் நேரத்தில்தான் பார்க்கப்படும். டெபிட் கார்டில் போட்டிருந்த ஒரு சந்தாவுக்கு, சம்பளம் மதியம் வரும் நாளில் காலையிலேயே எடுக்க முயன்று தவறியிருக்கிறது. டெபிட் தேதியை மூன்று நாள் தள்ளி வைத்ததும் சரியாயிற்று.

கடன் தவணைக்கு வங்கிக் கணக்கில் போடும் நாச் மேண்டேட்டில் நான் இன்னும் கவனமாக இருக்கிறேன். அங்கே இருப்பு இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் ஒரு பக்கம் என்று இரண்டு கட்டணம் விழலாம். 2021 ஆகஸ்ட் முதல் அது ஞாயிறு, விடுமுறை நாளிலும் ஓடுகிறது. திங்கட்கிழமை பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

நான்கு வருடத்தில் எனக்குள்ள ஒரே பெரிய குறை, முன்னறிவிப்புப் படியிலேயே தவறும்போது எனக்கு யாருமே அதைச் சொல்லவில்லை என்பது. பணம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் ஏற்பாடு இருக்கிறது; எடுக்க முடியவில்லை என்றும் அதே வழியில் ஒரு வரி வந்திருந்தால் அந்த அபராதம் கட்டியிருக்க மாட்டேன். இப்போது பில் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஃபோனில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அன்றைக்குள் எஸ்எம்எஸ் வரவில்லையென்றால் கையாலேயே கட்டிவிட்டு, பிறகு மேண்டேட்டைத் திறந்து பார்க்கிறேன்.